27 ஸ்லைட்டும் ஒரு பிரிட்ஜ் தட்டும்



கொஞ்சம் நீளமான பதிவு. கெம்பஸ் போகும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள். இது எங்கள் வீட்டு ஹோலில் ஒரே இரவில் நடந்த விஷயம். அந்தப் பிள்ளையிடமும் அவருடைய உம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். "பேர் மட்டும் போடாதீங்க மிஸ்" என்றார். போடவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு பேருமே ஆசிரியர்கள். ஒருவர் விஞ்ஞானம், மற்றவர் தமிழ். அந்தப் பிள்ளை ஓ.எல். வரை எங்களிடம் படித்தவர். வாப்பா தெமட்டகொடையில் ஓட்டோ ஓடுகிறார். தமிழ் மீடியத்தில் படித்து கெம்பஸ் போனவர். அங்கே எல்லாமே ஆங்கிலம். முதலாம் வருடத்தில் ஒரு பிரசன்டேஷனின் நடுவில் வார்த்தை வராமல் நின்று, அப்படியே கதிரையில் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்து "நான் இனி போகல்ல உம்மா" என்று சொன்ன கதை எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அடுத்த நாள் காலையில் இன்னொரு பிரசன்டேஷன். இது ஆய்வு வேலை. புள்ளியும் இருக்கிறது, வெளியிலிருந்து வரும் லெக்சரர்களும் கேட்பார்கள். 10 நிமிடம் பேச்சு, 5 நிமிடம் கேள்வி.

இஷா முடிந்து எட்டரை மணிபோல லெப்டொப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உம்மாவோடு வந்தார். "மிஸ், ஒருக்கா கேட்டுப் பாருங்க. நாளக்கி என்னால ஏலா."

சரி, செய்து காட்டுங்கள் என்று போனில் ஸ்டொப் வொட்சைப் போட்டோம்.

மொத்தம் 27 ஸ்லைட். ஒவ்வொன்றிலும் ஆங்கில வசனங்கள் மேலிருந்து கீழ்வரை நிறைந்திருந்தன. பிள்ளை எங்களைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டே போனார். டெங்குவின் வரலாறு, உலக வரைபடம், வைரஸின் நான்கு வகைகள், நுளம்பின் வாழ்க்கை வட்டம், 2017இல் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டோர் நோயாளிகளானது என்று வந்துகொண்டே இருந்தது. 10 நிமிடம் ஆனபோது 12ஆவது ஸ்லைட்டில் நின்றார். அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த விஷயம் தொடங்குவதோ 19ஆவது ஸ்லைட்டில். அதாவது நாளைக்கு மணி அடிக்கும்போது, அவர் செய்த வேலையில் ஒரு சொல்கூட வெளியே வந்திருக்காது.

பிள்ளை உடனே செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் செய்வார்கள். எழுத்தைச் சின்னதாக்கினார். இரண்டு ஸ்லைட்டை ஒன்றாக ஒட்டினார். அரை மணித்தியாலத்தில் 27, 18 ஆகிவிட்டது. முகத்தில் கொஞ்சம் நிம்மதி. ஆனால் ஒரு சொல்கூடக் குறையவில்லை. நேரத்தைத் தின்பது ஸ்லைட்டின் எண்ணிக்கை இல்லை, அதிலுள்ள சொற்கள்.

ஆகவே சொற்களை எண்ணினோம். கிட்டத்தட்ட 1,900. பிறகு ஒரு பந்தியை நேரம் பார்த்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னோம். அவருக்கு நிமிடத்துக்கு 110 சொல் வருகிறது. அது மோசமான வேகம் இல்லை, கேட்பவருக்கு விளங்கும் வேகம்தான். அப்படியென்றால் 10 நிமிடத்துக்கு 1,100 சொல். மூச்சு விடவும், ஸ்லைட்டை மாற்றவும், படத்தைக் காட்டவும் போக மிஞ்சுவது 900. இருப்பதில் பாதிக்கு மேல் போக வேண்டும். வேகமாக வாசித்து இதைச் சமாளிக்க முடியாது என்பது அந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்கியது.

"எத வெட்டுற மிஸ்? எல்லாம் முக்கியம்தானே?"

லெப்டொப்பை மூடச் சொன்னோம். "ஒங்கட உம்மாக்கு தமிழ்ல சொல்லுங்க மகள். என்னத்த பாத்தீங்க, என்னத்த கண்டீங்க?"

பிள்ளை யோசிக்கவே இல்லை. "உம்மா, டெங்கு வந்தா எல்லாரும் எலயத்தானே ஏசுற. நானும் கூட்டாளியும் 40 வீட்டுக்குள்ள போய்ப் பாத்தோம். 9 வீட்டுல குடம்பி இரிந்திச்சி. 14 இடத்துல. அதுல 6, பிரிட்ஜுக்குப் பின்னால தண்ணி வடியிற தட்டு."

உம்மா பிளேன்டிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நம்மட பிரிட்ஜுலயும் அப்பிடி ஒரு தட்டு இரிக்கா?"

அந்தக் கேள்விதான் பேச்சு. கேட்கும் ஆளுக்கு அந்தக் கேள்வியை வரவைப்பது எதுவோ அது இருக்க வேண்டும். மற்றதெல்லாம் வெளியே போகலாம். பிள்ளை சொன்ன நான்கைந்து வசனத்தையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி நடுவில் வைத்தோம்.

எழுதும்போது விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் ஒரு இடத்தில் நிறுத்தினார். "எலயில நுளம்பு இல்ல எண்டு சொல்லப் போறீங்களா? எலய பாத்தீங்களா?" பார்க்கவில்லை. வீடுகளை மட்டும்தான் பார்த்தார்கள். டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு பொதுவாக வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த தண்ணீரில் முட்டையிடும், அழுக்குத் தண்ணீரில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் தெமட்டகொடை ஓடையைப் பற்றி இந்தப் பிள்ளையின் ஆய்வு ஒன்றும் சொல்லாது. 24ஆவது ஸ்லைட்டில் ஓடைக்கும் டெங்குவுக்கும் தொடர்பில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த 27க்குள் அது யார் கண்ணிலும் படவில்லை. வசனம் நான்காகக் குறைந்த பிறகுதான் பிழை தெரிந்தது. அதை அப்போதே அழித்தார்.

அடுத்தது, பழைய கொப்பி ஒன்றைக் கிழித்து 27 துண்டாக வெட்டினோம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு ஸ்லைட்டின் தலைப்பு. பாயில் பரப்பிவிட்டு மூன்று குவியலாகப் பிரிக்கச் சொன்னோம். முதலாவது, இது இல்லாவிட்டால் அந்த நான்கு வசனமும் நிற்காது. இரண்டாவது, யாராவது கேட்டால் காட்டலாம். மூன்றாவது, வேண்டாம். வெட்டுவதற்கு முதல் பழைய பைலை வேறு பெயரில் சேவ் பண்ண வைத்தோம். அது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் கை துணியும்.

வரலாறு, உலக வரைபடம், வைரஸ் வகைகள் எல்லாம் லேசாக மூன்றாவது குவியலுக்குப் போயின. கேட்க வருபவர்கள் அந்தத் துறை ஆட்கள். அவர்களுக்கு டெங்கு என்றால் என்ன என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை.

குடம்பிகளை மைக்ரொஸ்கோப்பில் எடுத்த படங்கள் வந்தபோதுதான் பிள்ளையின் கண் கலங்கியது. மூன்று பின்னேரம் லெப்பில் இருந்து எடுத்தவை. "இத எடுத்தா நான் ஒண்டும் செய்யல்ல மாதிரி இரிக்கும் மிஸ்." பிள்ளைகள் ஸ்லைட்டை வெட்டாததற்கு உண்மையான காரணம் இதுதான். பட்ட பாட்டைக் காட்ட வேண்டும் என்ற ஆசை. ஆனால் கேட்பவருக்கு அந்த மூன்று பின்னேரம் தேவையில்லை. அந்தக் குடம்பி ஈடிஸ்தான் என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்குப் பதில்தான் தேவை. பேச்சில் அதற்கு ஒரு வசனம் போதும். படங்கள் இரண்டாவது குவியலுக்குப் போயின.

பிறகு மூன்று சூத்திரங்கள். டெங்கு ஆய்வில் மூன்று சுட்டிகள் பார்ப்பார்கள். பார்த்த வீடுகளில் நூற்றுக்கு எத்தனை வீட்டில் குடம்பி இருந்தது என்பது ஒன்று. தண்ணீர் உள்ள பாத்திரங்களில் நூற்றுக்கு எத்தனையில் என்பது இன்னொன்று. 100 வீட்டுக்குக் குடம்பியுள்ள பாத்திரம் எத்தனை என்பது மூன்றாவது, அதற்கு பிரெட்டோ சுட்டி என்று பெயர். இவருடைய கணக்கில் வீட்டுச் சுட்டி 40க்கு 9, அதாவது 22.5 வீதம். பிரெட்டோ 35. மூன்றும் சரிதான். ஆனால் 9, 14, 22.5, 35 என்று ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர் எந்த எண் எதற்கு என்று தேடிக்கொண்டே இருப்பார், பிள்ளை அடுத்த ஸ்லைட்டுக்குப் போய்விடுவார். வீட்டுச் சுட்டி மட்டும் இருக்கட்டும், மற்றது கேட்டால் காட்டலாம் என்று முடிவெடுத்தோம்.

கடைசியில் முதல் குவியலில் 7, இரண்டாவதில் 5, மூன்றாவதில் 15.

எல்லாவற்றையும் வெட்டலாம் என்று நினைக்க வேண்டாம். எத்தனை வீடு, எப்படித் தெரிவு செய்தார்கள், குடம்பியை யார் எப்படி அடையாளம் கண்டார்கள் என்ற ஸ்லைட்டைப் பிள்ளை தூக்கப் பார்த்தார். விடவில்லை. அது போனால் பிரிட்ஜ் தட்டுக் கதை வெறும் கதையாகிவிடும். அதேபோல, 40 வீடு, ஒரே லேன், ஒரே மாதம், ஆகவே இதைக் கொழும்பு முழுவதற்கும் சொல்ல முடியாது என்ற ஸ்லைட்டையும் வைத்தோம். தன் வேலையின் எல்லையைத் தானே சொல்லும் பிள்ளையை யாரும் மடக்க மாட்டார்கள்.

14 வரிசை உள்ள ஒரு பெரிய அட்டவணை இருந்தது. அதை நான்கு கம்பமாக மாற்றினார். பிரிட்ஜ் தட்டு 6, கூரைப் பீலி 3, தண்ணீர் பெரல் 3, எறிந்து கிடந்த சாமான் 2. மேலே "முடிவுகள்" என்ற அர்த்தத்தில் ஒற்றை ஆங்கிலச் சொல் இருந்தது. அந்தச் சொல் ஒன்றும் சொல்லவில்லை. அதை எடுத்துவிட்டு, குடம்பி இருந்த 14 இடங்களில் 6 பிரிட்ஜ் தட்டுகள் என்று முழு வசனமாக எழுதச் சொன்னோம். பின் வரிசையில் இருப்பவர் தலைப்பை மட்டும் வாசித்தாலும் விஷயம் போய்ச் சேர வேண்டும்.

தலைப்புக்கு ஏன் இவ்வளவு அடம் என்று பிள்ளை கேட்டார். கொலம்பியா விண்கலத்தின் கதையைச் சொன்னோம். 2003 ஜனவரியில் அது ஏவப்பட்டபோது ஒரு நுரைத்துண்டு கழன்று இறக்கையில் அடித்தது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே பொறியியலாளர்கள் பவர்பொயின்ட்டில் விளக்கம் கொடுத்தார்கள். அதில் ஒரு ஸ்லைட்டின் தலைப்பு, பயப்பட அவ்வளவு ஒன்றும் இல்லை என்ற தோற்றத்தைக் கொடுத்தது. ஆனால் அடியிலே, சின்ன எழுத்தில், பரிசோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், அடித்த துண்டு 1,920 கன அங்குலம் என்று இருந்தது. அறுநூறு மடங்குக்கு மேல். பெப்ரவரி 1ஆம் திகதி கலம் உடைந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஒரு ஸ்லைட்டால்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் விசாரணைக் குழு அதே ஆண்டு ஓகஸ்டில் வெளியிட்ட அறிக்கையில் அந்த ஸ்லைட்டைப் போட்டு, முக்கியமான விஷயம் எப்படிப் புதைந்து போனது என்று காட்டியது. எங்கள் பிள்ளையின் பிரிட்ஜ் தட்டும் 19ஆவது ஸ்லைட்டில் நாலாவது வரியில்தான் புதைந்து கிடந்தது.

மணி பத்தரை. இப்போதுதான் கஷ்டமான கட்டம். ஸ்லைட்டில் எழுத்து இல்லை. பிள்ளைக்கு நடுக்கம் பிடித்துவிட்டது. "மிஸ், வாசிக்க ஒண்டுமில்லயே. மறந்தா என்ன செய்ற?"

அந்த வசனங்களை அவர் கேட்பவர்களுக்காக எழுதவில்லை. தனக்கு ஊன்றுகோலாக எழுதியிருக்கிறார். ஊன்றுகோலைப் பிடுங்கிவிட்டு ஓடு என்று சொல்லக்கூடாது. வேறொன்று கொடுக்க வேண்டும். ஏழு சின்ன அட்டை வெட்டிக் கொடுத்தோம், ஸ்லைட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு ஆங்கிலச் சொல், பெரிய எழுத்தில். முதல் இரண்டு வசனமும் கடைசி வசனமும் மட்டும் மனப்பாடம். நடுவில் உள்ளதைப் பாடமாக்க வேண்டாம் என்றோம். பாடமாக்கினால் ஒரு சொல் விடுபட்ட இடத்தில் எல்லாம் நின்றுவிடும். முதலாம் வருடத்தில் நடந்தது அதுதான். நாக்குக்கு வராத சொற்களையும் மாற்றினோம். 'ரிசெப்டகிள்' என்று ஒவ்வொரு முறையும் தடுக்கியது. 'கொன்டெய்னர்' என்று போட்டார், தடுக்கல் போய்விட்டது.

மீண்டும் ஸ்டொப் வொட்ச். 6 நிமிடம் 40 செக்கன். பயத்தில் ஓடிவிட்டார். கம்பங்கள் உள்ள ஸ்லைட்டில் நிற்கவே இல்லை. அந்த ஸ்லைட் வந்ததும் முதலில் இது என்ன படம், இந்த எண் எதைக் காட்டுகிறது என்று சொல்லுங்கள், பிறகு பெரிய கம்பத்தைக் கையால் காட்டுங்கள், அதற்குப் பிறகுதான் விளக்கம் என்றோம். திரும்பவும் செய்தார். 8 நிமிடம் 50. சரியான நேரம். மேடையில் எப்படியும் கொஞ்சம் கூடும்.

நாலாவது தடவையில் ஒரு ஓட்டை தெரிந்தது. "நான் முன்பு காட்டியது போல" என்று ஆங்கிலத்தில் சொன்னார். முன்பு காட்டிய ஸ்லைட்டோ மூன்றாவது குவியலில் கிடக்கிறது. வெட்டிய பிறகு இதைக் கட்டாயம் தேட வேண்டும். கண்ணால் வாசித்தால் பிடிபடாது, வாயால் சொன்னால்தான் பிடிபடும்.

கடைசி வேலை, அந்த 5 ஸ்லைட்டையும் ஏழாவதுக்குப் பிறகு போட்டு மறைத்து வைத்தது. பவர்பொயின்ட்டில் இடப்பக்கம் உள்ள ஸ்லைட்டில் ரைட் கிளிக் பண்ணினால் Hide Slide என்று வரும். பேசும்போது அது திரையில் வராது. கேள்வி வந்தால் ஸ்லைட்டின் இலக்கத்தைத் தட்டி Enter அடித்தால் நேரே அங்கே போகும். எந்த இலக்கத்தில் என்ன இருக்கிறது என்று எட்டாவது அட்டையில் எழுதிக்கொண்டார். நன்றி சொல்லும் ஸ்லைட்டையும் எடுத்துவிட்டோம். நன்றியை வாயால் சொல்லலாம். கேள்வி கேட்கும் 5 நிமிடமும் திரையில் நிற்க வேண்டியது அவர் கடைசியாகச் சொன்ன விஷயம். பைலை பென் டிரைவிலும் போட்டு, PDF ஆகவும் ஒன்று வைத்தார்.

பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருந்தது. போய்த் தூங்குங்கள், இனி ஒன்றையும் தொடக்கூடாது என்று அனுப்பிவைத்தோம்.

மறுநாள் பின்னேரம் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கை நடுங்கியதாம். அட்டை கீழே விழுந்ததாம். அதே நாலாவது நிமிடத்தில் அதே பழைய வெறுமை வந்திருக்கிறது, தலைக்குள் ஒன்றுமே இல்லை. திரும்பித் திரையைப் பார்த்திருக்கிறார். அங்கே நான்கு கம்பம்தான். "பெரிய கம்பத்த கண்டன் மிஸ். அது பிரிட்ஜ் தட்டு. பொறகு வாய் தானா வந்திச்சி." 27 ஸ்லைட்டாக இருந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு பக்க எழுத்து நின்றிருக்கும், எந்த வரியில் விட்டோம் என்று தேடியே முடிந்திருக்கும்.

கேள்வி நேரத்தில் ஒருவர், ஓடைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்களே, ஓடையைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாராம். "நாங்கள் ஓடையைப் பார்க்கவில்லை, அதனால் சொல்ல முடியாது" என்று பதில் சொன்னாராம். இன்னொருவர் குடம்பியை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று கேட்க, 9 தட்டி Enter அடித்திருக்கிறார். அழுது அழுது ஒதுக்கிய படங்கள் திரையில் வந்தன. முதல் இடம் கிடைக்கவில்லை. சித்தி பெற்றுவிட்டார், கெம்பஸை விடும் பேச்சும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த வெள்ளி பின்னேரம் அதே ஏழு ஸ்லைட்டை எங்கள் லேனில் ஒரு வீட்டு ஹோலில், தமிழில், லெப்டொப்பிலேயே காட்டினார். பதினைந்து பெண்கள் வந்திருப்பார்கள். பெரிய கம்பம் வந்ததும் ஒரு ராத்தா எழும்பிக் குசினிக்குள் போனார். பிரிட்ஜை இழுக்கும் சத்தம் கேட்டது.

இதை வாசித்து முடித்தவுடன் நீங்களும் இழுத்துப் பாருங்கள். எல்லா பிரிட்ஜிலும் தட்டை வெளியே எடுக்க முடியாது, எடுக்க முடியாவிட்டால் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. முட்டை தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், அதனால் வாரத்துக்கு ஒருதடவை. வெள்ளிக்கிழமை வீடு கழுவும் வழக்கம் உள்ளவர்கள் அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

எங்களுடைய பிரிட்ஜை நாங்கள் அன்று இரவே, பிள்ளை போன பிறகு இழுத்துப் பார்த்தோம். என்ன இருந்தது என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

பரீட்சை, பிரசன்டேஷன் என்று நிற்கும் எல்லாப் பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்துகொள்ளுங்கள்.